கடைசிக் கட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குவோம்

1, 2, 3, 4, 5 ஆகிய ஐந்து இலக்கங்கள் உங்களிடம் இருக்கின்றன. ஓர் எண்ணில் எந்த இலக்கமும் இரண்டு முறை வரக்கூடாது. இவற்றைக் கொண்டு எத்தனை மூன்று இலக்க எண்களை உருவாக்கலாம்? அவற்றுள் எத்தனை இரட்டைப்படை எண்கள்?

படிவம் ஐந்தில் கூடுதல் கணிதம் பயிலும் மாணவர் எவரும் இந்தக் கேள்வியையோ இதன் உடன்பிறப்பையோ சந்திக்காமல் இருக்க முடியாது. வரிசைமாற்றம் என்ற பாடத்தின் முதல் பக்கங்களிலேயே இது வந்துவிடும். முதல் பகுதிக்கு வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே 60 என்று சரியாக எழுதிவிடுவார்கள். இரண்டாம் பகுதிக்கு வரும்போதுதான் வகுப்பு மூன்றாகப் பிரியும். சிலர் 40 என்பார்கள். சிலர் 30 என்பார்கள். மீதிப் பேர் 24 என்பார்கள். சரியான விடை 24.

தவறாக எழுதுபவர்களை நான் பல ஆண்டுகள் கவனக்குறைவானவர்கள் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அந்தத் தவறுக்குப் பெரும்பங்கு காரணம், நாங்கள் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைத் தொடங்கும் விதம். சூத்திரத்தை முதலில் கொடுத்துவிட்டு, எண்ணுவதைப் பிறகு கற்பிக்கிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

என் மனத்தை மாற்றியவர் ஒரு மாணவி. இந்தப் பாடத்தைத் தொடங்கிய நாளில், நான் பலகையில் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தபோதே, அவர் தம் நோட்டில் எண்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கிவிட்டார். 2இல் முடியும் எண்கள் ஒரு வரிசை, 4இல் முடியும் எண்கள் இன்னொரு வரிசை. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. கீழே 24 என்று எழுதி வட்டமிட்டிருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டு, "பட்டியல் எல்லாம் வேண்டாம்மா, தேர்விலே நேரம் போதாது. சூத்திரத்தைப் போடு" என்றேன். அவரும் அடுத்த வாரம் சோதனையில் நான் சொன்னபடியே செய்தார். விடை 40 என்று எழுதினார்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"முதல் கட்டத்துக்கு அஞ்சு, சார். அடுத்ததுக்கு நாலு. கடைசியிலே 2 இல்லேன்னா 4 வரணும், அதனாலே ரெண்டு. அஞ்சு, நாலு, ரெண்டு, பெருக்கினா நாப்பது."

"முதல் கட்டத்திலே 2 போட்டுட்டே, நடுவிலே 4 போட்டுட்டே. இப்போ கடைசிக் கட்டத்திலே என்ன போடுவே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போட ஒன்னும் இல்லே, சார்" என்றார்.

முதல் நாள் சரியாக எண்ணிய பெண்ணைத் தவறாக எண்ண வைத்தது நான்தான் என்று அப்போது புரிந்தது.

அவர் செய்த கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மூன்று கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். மொத்த எண்களைக் கணக்கிடும்போது, முதல் கட்டத்தில் ஐந்து இலக்கங்களில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அதில் ஒன்று போய்விட்டதால் நடுக் கட்டத்திற்கு நான்கு வழிகள். இன்னொன்றும் போய்விட்டதால் கடைசிக் கட்டத்திற்கு மூன்று. 5 × 4 × 3 = 60. கணிப்பானில் nPr என்ற விசையை அழுத்தினாலும் இதே விடைதான் வரும்.

இங்கே பெருக்கல் ஏன் செல்லுபடியாகிறது? முதல் கட்டத்தில் நீங்கள் எந்த இலக்கத்தை வைத்தாலும், நடுக் கட்டத்திற்கு மிஞ்சுவது சரியாக நான்கு. முதல் இரண்டு கட்டங்களில் எதை வைத்தாலும், கடைசிக்கு மிஞ்சுவது சரியாக மூன்று. எந்த இலக்கங்கள் மிஞ்சுகின்றன என்பது மாறலாம். எத்தனை மிஞ்சுகின்றன என்பது மாறுவதில்லை. பெருக்கலுக்கு வேண்டிய நிபந்தனை இது ஒன்றுதான். இதைத்தான் நாங்கள் வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இரட்டைப்படை எண் வேண்டும் என்றவுடன் அந்த நிபந்தனை உடைந்துபோகிறது. ஓர் எண் இரட்டைப்படையா என்பதை அதன் கடைசி இலக்கம் மட்டுமே தீர்மானிக்கிறது. இங்கே அது 2 ஆகவோ 4 ஆகவோ இருக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால், கடைசிக் கட்டத்தை அடையும்போது கையில் எத்தனை இரட்டைப்படை இலக்கங்கள் மிஞ்சியிருக்கும் என்பது முன்பு செய்த தேர்வைப் பொறுத்து மாறும். முதல் இரண்டு கட்டங்களில் 1, 3 என்று வைத்திருந்தால் 2, 4 இரண்டுமே மிஞ்சும். 1, 2 என்று வைத்திருந்தால் 4 மட்டும் மிஞ்சும். 2, 4 என்று வைத்திருந்தால் எதுவுமே மிஞ்சாது. ஒரு முறை இரண்டு, ஒரு முறை ஒன்று, ஒரு முறை பூச்சியம். இப்படி மாறும் எண்ணிக்கையை எப்போதும் இரண்டு என்று வைத்துப் பெருக்கினால் வருவதுதான் 40.

இடப்பக்கத்திலிருந்து தொடங்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. மூன்று நிலைகளையும் தனித்தனியாக எண்ணினால் அதுவும் சரியான விடைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் இரண்டு கட்டங்களை நிரப்ப மொத்தம் 20 வழிகள் உள்ளன. அவற்றில் இரண்டும் ஒற்றைப்படையாக இருப்பவை 6. ஒவ்வொன்றுக்கும் கடைசிக் கட்டத்தில் இரண்டு வழிகள் என்பதால் 12 எண்கள் கிடைக்கும். ஒன்று ஒற்றைப்படையாகவும் மற்றது இரட்டைப்படையாகவும் இருப்பவை 12. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரே ஒரு வழி, ஆகவே 12 எண்கள். இரண்டும் இரட்டைப்படையாக இருப்பவை 2. அவற்றிலிருந்து ஓர் எண்ணும் கிடைக்காது. 12உம் 12உம் சேர்ந்து 24. வழி நீளமானது, ஆனால் நேர்மையானது.

குறுக்கு வழி நிரப்பும் வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. எந்தக் கட்டத்திற்குக் கட்டுப்பாடு இருக்கிறதோ அதை முதலில் நிரப்ப வேண்டும். கல்யாண வீட்டில் இடம் ஒதுக்கும்போது மணமேடைக்கு அருகில் உட்கார வேண்டிய பெரியவர்களை முதலில் அமர வைத்துவிட்டுத்தானே மற்றவர்களுக்கு நாற்காலி பார்க்கிறோம்! அதைப் போல, கடைசிக் கட்டத்தில் 2 அல்லது 4ஐ முதலிலேயே வைத்துவிடுங்கள். அதற்கு இரண்டு வழிகள். எதை வைத்தாலும் கையில் மிஞ்சுவது நான்கு இலக்கங்கள். அவை முதல் கட்டத்திற்கு நான்கு வழிகளையும் நடுக் கட்டத்திற்கு மூன்று வழிகளையும் தருகின்றன. 2 × 4 × 3 = 24. இந்த வரிசையில் எந்தப் படியிலும் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே பெருக்கல் செல்லுபடியாகிறது.

சூத்திரத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. எத்தனை பொருள்கள், எத்தனை இடங்கள் என்ற இரண்டு செய்திகள் மட்டுமே nPr விசைக்குத் தெரியும். எந்த இடத்திற்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை அது கேட்பதும் இல்லை. மாணவர் சிந்திக்க வேண்டிய ஒரே இடத்தில் சூத்திரம் மௌனமாகிவிடுகிறது. சூத்திரத்தை மட்டும் கற்றவர் அந்த இடத்தில் ஊகிக்கிறார்.

பட்டியல் அப்படி மௌனமாவதில்லை. அந்த மாணவி எழுதிய முதல் வரிசை இதுதான்: 132, 142, 152, 312, 342, 352, 412, 432, 452, 512, 532, 542. கடைசி இலக்கத்தை 2 என்று நிலையாக வைத்துக்கொண்டு, முதல் இலக்கத்தை 1, 3, 4, 5 என்று ஒழுங்காக மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு முதல் இலக்கத்திற்கும் மூன்று எண்கள் வருகின்றன. நான்கு முறை மூன்று, பன்னிரண்டு. 2 × 4 × 3 என்ற பெருக்கலின் 4 × 3 இந்த வரிசையில் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த 2 என்பது இரண்டு வரிசைகள். அதாவது சூத்திரம் இல்லாமலேயே அவர் சரியான கட்டத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். பட்டியல் எழுதுபவரைப் பார்த்து 'நேரம் வீண்' என்று சொன்ன நான், அவர் கண்டுபிடித்திருந்ததைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஒழுங்கில்லாத பட்டியல் பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நினைவுக்கு வந்தபடி 354, 132, 524 என்று எழுதிக்கொண்டே போனால், எப்போது முடிந்தது என்று தெரியாது. விட்டுப்போனதும் தெரியாது, இரண்டு முறை எழுதியதும் தெரியாது. ஏதாவது ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மாற்றும் பட்டியல்தான் எண்ணுவதைக் கற்றுத்தரும்.

இனி 30 என்ற விடைக்கு வருவோம். 'எண்களில் பாதி இரட்டைப்படை, பாதி ஒற்றைப்படை. ஆகவே 60இல் பாதி' என்பது இந்த மாணவர்களின் வாதம். ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போகும்போது அது சரி, ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப்படை வரும். நம்மிடம் இருப்பவை அப்படி வரிசையாக வரும் எண்கள் அல்ல. ஐந்து இலக்கங்களிலிருந்து பிறந்தவை. அந்த ஐந்தில் மூன்று ஒற்றைப்படை, இரண்டுதான் இரட்டைப்படை.

இந்த வாதத்தைச் சற்றே திருத்தினால் அழகான ஒரு வழி கிடைக்கிறது. ஐந்து இலக்கங்களுக்கும் இந்தக் கேள்வியில் ஒரே மாதிரியான உரிமைதான் இருக்கிறது. எதற்கும் தனிச் சலுகை இல்லை. ஆகவே கடைசிக் கட்டத்தில் ஒவ்வோர் இலக்கமும் சம எண்ணிக்கையில் வந்தாக வேண்டும். 60ஐ ஐந்தாகப் பங்கிட்டால் 12. அதாவது 1இல் முடிபவை 12, 2இல் முடிபவை 12, 3, 4, 5இல் முடிபவையும் அப்படியே. இரட்டைப்படைக்கு இரண்டு பங்கு, 24. ஒற்றைப்படைக்கு மூன்று பங்கு, 36. இரண்டையும் கூட்டினால் 60. பாதி அல்ல, ஐந்தில் இரண்டு பங்கு. இலக்கங்கள் 1 முதல் 6 வரை இருந்திருந்தால் மொத்தம் 120 எண்கள், அவற்றில் சரியாகப் பாதி, 60, இரட்டைப்படையாக இருந்திருக்கும். ஏனென்றால் அங்கே மூன்றுக்கு மூன்று.

40 என்ற விடையும் தவறு என்று காட்டிக்கொடுக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. அதே முறையில் ஒற்றைப்படை எண்களையும் எண்ணிப் பாருங்கள். முதல் கட்டத்திற்கு 5, நடுவிற்கு 4, கடைசிக்கு 1, 3, 5 என மூன்று. பெருக்கினால் 60. அப்படியானால் எல்லா எண்களுமே ஒற்றைப்படை, அதற்கு மேலும் 40 இரட்டைப்படை எண்கள். மொத்தமே 60தான் என்று சற்று முன் கண்டோம், இப்போது 100 வந்து நிற்கிறது. எதிர்ப்பக்கத்தையும் எண்ணிக் கூட்டிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் இந்தப் பழக்கத்தை நாங்கள் கற்றுக்கொடுப்பதில்லை.

சம உரிமை என்ற வழியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு மனப்பாடச் சூத்திரமாகிவிடும். கேள்வியைச் சற்று மாற்றுவோம். அதே ஐந்து இலக்கங்கள், அதே விதி, ஆனால் 300ஐவிடப் பெரிய இரட்டைப்படை எண்கள் எத்தனை?

சம உரிமையை நம்பினால் இப்படிச் செய்வோம். 300ஐவிடப் பெரியவை 3, 4, 5இல் தொடங்க வேண்டும், ஆகவே 60இல் ஐந்தில் மூன்று பங்கு, 36. அதில் ஐந்தில் இரண்டு பங்கு இரட்டைப்படை என்று கணக்கிட்டால் 14.4 வருகிறது. பதினான்கு முழு எண்களும் இன்னோர் எண்ணின் ஒரு துண்டும்! எண்ணிக்கை பின்னமாக வந்தால் அப்போதே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். 36 என்பது சரி. தவறு அடுத்த படியில் நடந்திருக்கிறது. முதல் கட்டத்திற்குக் கட்டுப்பாடு விதித்தவுடன் ஐந்து இலக்கங்களும் சமமாக இல்லாமல் போய்விட்டன.

இப்போது இரண்டு கட்டங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. முதல் கட்டம் 3, 4, 5இல் ஒன்றைக் கேட்கிறது. கடைசிக் கட்டம் 2 அல்லது 4ஐக் கேட்கிறது. இரண்டு கட்டங்களும் கைநீட்டும் இலக்கம் ஒன்று இருக்கிறது, அது 4. சிக்கல் அதில்தான். அதனால் அந்த இடத்தில் கணக்கைப் பிரித்துக்கொள்கிறோம்.

கடைசியில் 2 இருந்தால், முதல் கட்டத்திற்கு 3, 4, 5 மூன்றும் கிடைக்கும். நடுவில் மிஞ்சிய மூன்றில் எதுவும் வரலாம். 3 × 3 = 9. கடைசியில் 4 இருந்தால், முதல் கட்டத்திற்கு 3, 5 இரண்டு மட்டுமே. நடுவிற்கு மீண்டும் மூன்று. 2 × 3 = 6. ஆக மொத்தம் 15. சரியா என்று பார்க்க ஒற்றைப்படையையும் எண்ணுவோம். 1இல் முடிபவை 9, 3இல் முடிபவை 6, 5இல் முடிபவை 6, மொத்தம் 21. 15உம் 21உம் சேர்ந்து 36. கணக்கு ஒத்துப்போகிறது.

கவனித்தீர்களா? 24 வந்த கேள்வியிலும் 15 வந்த கேள்வியிலும் நாம் கேட்டது ஒரே கேள்விதான்: 'இந்தப் படியில் எனக்கு இருக்கும் வழிகளின் எண்ணிக்கை, முன்பு செய்த தேர்வைப் பொறுத்து மாறுமா?' மாறாது என்றால் பெருக்கலாம். மாறும் என்றால் வரிசையை மாற்ற வேண்டும். வரிசையை மாற்றியும் தீரவில்லை என்றால் கணக்கைப் பிரித்துக்கொண்டு, கடைசியில் கூட்ட வேண்டும். வரிசைமாற்றப் பாடத்தில் வரும் கட்டுப்பாட்டுக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

வரிசைமாற்றத்திற்கு மலாய் மொழியில் 'பிலே ஆத்தோர்' என்று பெயர். பிலே என்றால் தேர்ந்தெடு, ஆத்தோர் என்றால் ஒழுங்குபடுத்து. இரண்டு வேலைகள் ஒரே பெயரில் இருப்பது எனக்குப் பிடிக்கும். ஐந்தில் மூன்று இலக்கங்களைத் தேர்ந்தெடுக்க 10 வழிகள், தேர்ந்தெடுத்த மூன்றை ஒழுங்குபடுத்த 6 வழிகள், அதனால்தான் 60. கணிப்பானில் nPr விசைக்குப் பதில் nCr விசையை அழுத்திவிட்டு 10 என்று எழுதும் மாணவர், முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டு எழுந்துவிட்டார் என்று பொருள். பெயரை நினைவுபடுத்தினாலே பலர் தாங்களாகத் திருத்திக்கொள்கிறார்கள்.

சூத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் ஐவரை வரிசையில் நிறுத்தும் கேள்விக்குப் பட்டியல் எழுத முடியாது, அதில் 95,040 வரிகள் வரும். தேர்வு மண்டபத்தில் நேரமும் குறைவுதான். இருந்தாலும், முதல் இரண்டு பாடவேளைகளில் கணிப்பானை மேசைக்குள் வைத்துவிட்டு, ஐந்து அட்டைகளையும் மூன்று கட்டங்களையும் மாணவர் கையில் கொடுப்பதால் பாடத்திட்டம் பின்தங்கிவிடாது. இப்போது என் வகுப்பில் அப்படித்தான் தொடங்குகிறேன். அட்டையில் 2ஐயும் 4ஐயும் முன்னாலேயே வைத்துவிட்டுக் கடைசிக் கட்டத்திற்கு வரும் மாணவர், தம் கை வெறுமையாக இருப்பதைத் தாமே பார்க்கிறார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விடை சரியா என்று பின்பக்கத்தைப் புரட்டுவதற்கு முன், 'எந்தக் கட்டத்தை முதலில் நிரப்பினாய், ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கூடுதல் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை. பதில் தெளிவாக வந்தால் கணக்குப் புரிந்திருக்கிறது.

பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க ஒரு கேள்வியையும் தருகிறேன். இலக்கங்கள் 0, 1, 2, 3, 4 என்று இருந்தால், இலக்கம் திரும்பாமல் எத்தனை இரட்டைப்படை மூன்று இலக்க எண்கள் கிடைக்கும்? எண் பூச்சியத்தில் தொடங்கக்கூடாது. கடைசியில் 0 வரும் நிலையையும், 2 அல்லது 4 வரும் நிலையையும் தனித்தனியாக எண்ண வேண்டும். முதல் நிலையில் 12, இரண்டாவதில் 18, மொத்தம் 30 என்று வந்தால் சரி. 36 என்று சொன்னால், 012 போன்ற எண்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். திட்ட வேண்டாம். முதல் கட்டத்தைக் காட்டி, அங்கே பூச்சியம் உட்காரலாமா என்று மட்டும் கேளுங்கள்.